பேசாதவர்களின் எடை

2016 நவம்பர் 8 அன்று அமெரிக்காவில் அதிபர் தேர்தல். அதற்குச் சில நாட்கள் முன்னதாக, நியூ ஹாம்ப்ஷயர் என்ற சிறிய மாநிலத்தின் பல்கலைக்கழகக் கருத்துக்கணிப்பு மையம் தன் கடைசிக் கணிப்பை வெளியிட்டது. அந்த மாநிலத்தில் ஹிலாரி கிளிண்டன் டொனால்ட் டிரம்பைவிட 11 புள்ளிகள் முன்னால் இருப்பதாகக் கணிப்பு சொன்னது. எண்ணி முடித்தபோது கிளிண்டன்தான் அங்கே வென்றிருந்தார். ஆனால் பதிவான ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் வெறும் 2,736. அரைப் புள்ளிகூட இல்லை.

தேர்தலுக்குப் பிறகு மையத்தினர் தங்கள் தரவை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். புதிதாக யாரையும் தொலைபேசியில் அழைக்கவில்லை. பேசியவர்கள் அதே ஆட்கள், சொன்ன பதில்களும் அவையே. கணக்கில் ஒன்றை மட்டும் சேர்த்தார்கள். முதல் கணிப்பில் வயது, பாலினம், வசிக்கும் பகுதி ஆகியவற்றை மக்கள்தொகையோடு ஒத்துப்போகும்படி சரிசெய்திருந்தார்கள். இம்முறை கல்வித் தகுதியையும் அப்படிச் சரிசெய்தார்கள். 11 புள்ளி முன்னிலை காணாமல் போனது. இருவரும் சமம் என்று வந்தது.

மையத்தினர் இதை மறைக்காமல் சொன்னார்கள். கருத்துக்கணிப்பாளர்களின் தேசிய அமைப்பு, 2016 கணிப்புகள் ஏன் தவறின என்று ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட அறிக்கையிலும் இந்தக் கணக்கு இடம்பெற்றது. எனக்குத் தெரிந்தவரை, 'எடையிடல்' என்றால் என்ன, அது எவ்வளவு செய்யும், எங்கே நின்றுவிடும் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் காட்ட இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது.

மாலை நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வருகிறது. எடுப்பவர்கள் குறைவு. எடுத்தாலும் "ஒரு கணிப்புக்காகப் பேசுகிறோம், பத்து நிமிடம் ஆகும்" என்ற குரலைக் கேட்டதும் பலர் வைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் தன் தொலைபேசிக் கணிப்புகளில் பதில் கிடைத்த விகிதத்தைப் பல ஆண்டுகள் பதிந்து வந்தது. 1997-இல் அது 36 சதவீதம். 2012-இல் 9. 2018-இல் 6. நூறு பேரைத் தேர்ந்தெடுத்தால் தொண்ணூற்று நான்கு பேர் பேசுவதில்லை.

பேசாத தொண்ணூற்று நான்கு பேர் எல்லாத் தரப்பிலிருந்தும் ஒரே அளவில் விலகியிருந்தால் கவலை இல்லை. மாதிரி சிறியதாகும், அவ்வளவுதான். விலகல் அப்படிச் சீராக நடப்பதில்லை. இளைஞர்கள் குறைவாகவும் முதியவர்கள் கூடுதலாகவும் கிடைக்கிறார்கள். பட்டதாரிகள் மற்றவர்களைவிட அதிகமாக ஒத்துழைக்கிறார்கள். இது நியூ ஹாம்ப்ஷயருக்கு மட்டும் உரியதல்ல. கணிப்புத் துறையில் இருப்பவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த சங்கதி.

எடையிடல் இந்தக் கோணலை நிமிர்த்தும் வேலை. அதைச் சிறிய கணக்கு ஒன்றில் பார்த்துவிடுவோம். எண்கள் என் கற்பனை, வசதிக்காக வட்டமானவை.

ஓர் ஊரின் வாக்காளர்களில் 40 சதவீதம் பட்டதாரிகள், 60 சதவீதம் பட்டம் பெறாதவர்கள் என்று மக்கள்தொகைப் புள்ளிவிவரத்திலிருந்து நமக்குத் தெரியும். கணிப்பில் பேசியவர்கள் 1,000 பேர். அவர்களில் 600 பேர் பட்டதாரிகள், 400 பேர் பட்டம் இல்லாதவர்கள். அதாவது விகிதம் தலைகீழாக வந்திருக்கிறது. பட்டதாரிகளில் 60 சதவீதம் பேர் வேட்பாளர் 'அ'வை ஆதரிக்கிறார்கள். மற்றவர்களில் 40 சதவீதம் பேர்தான் ஆதரிக்கிறார்கள். தலைகளை அப்படியே எண்ணினால் 360-உம் 160-உம் சேர்ந்து 520. 'அ'வுக்கு 52 சதவீதம், எதிராளிக்கு 48. 'அ' நான்கு புள்ளி முன்னிலை.

இப்போது எடை போடுவோம். ஒரு பிரிவினர் ஊரில் எத்தனை சதவீதம் இருக்கிறார்களோ அதை, மாதிரியில் எத்தனை சதவீதம் இருக்கிறார்களோ அதால் வகுக்க வேண்டும். பட்டதாரிக்கு 40-ஐ 60-ஆல் வகுத்தால் சுமார் 0.67. பட்டம் இல்லாதவருக்கு 60-ஐ 40-ஆல் வகுத்தால் 1.5. இனி ஒவ்வொரு பட்டதாரியின் பதிலும் மூன்றில் இரண்டு ஆளாக எண்ணப்படும். பட்டம் இல்லாத ஒவ்வொருவரும் ஒன்றரை ஆளாக நிற்பார். 360 பேரின் ஆதரவு 240 ஆகச் சுருங்குகிறது. 160 பேரின் ஆதரவு 240 ஆக விரிகிறது. இரண்டும் சேர்ந்து 480. 'அ'வுக்கு 48, எதிராளிக்கு 52. ஒரு பதிலைக்கூட மாற்றவில்லை, வெற்றியாளர் மாறிவிட்டார்.

இங்கே நடந்திருப்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். பட்டம் இல்லாமல் நம்மிடம் பேசிய ஒருவரிடம், பட்டம் இல்லாமல் நம்மிடம் பேச மறுத்த இன்னொரு அரை ஆளின் குரலையும் கொடுத்திருக்கிறோம். வராதவர் சார்பில் வந்தவர் பேசுகிறார். அப்படிப் பேச அவருக்குத் தகுதி உண்டா? இந்தக் கேள்விக்குக் கணக்கு பதில் சொல்லாது. பதில் உண்டு என்று எடுத்துக்கொண்டுதான் கணக்கே தொடங்குகிறது.

அப்படியானால் நியூ ஹாம்ப்ஷயர் மையம் கல்வியை ஏன் முன்பே சேர்க்கவில்லை? அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. முந்தைய தேர்தல்களில் கல்விக்கு எடை போடாமலேயே அவர்களுடைய கணிப்புகள் நன்றாக வந்திருந்தன. மாற்றுவதற்குக் காரணம் இருக்கவில்லை. பட்டதாரிகள் அப்போதும் கூடுதலாகத்தான் பேசினார்கள், ஆனால் அது முடிவைக் கெடுக்கவில்லை.

ஏன் கெடுக்கவில்லை என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. அமெரிக்காவில் 2016-க்கு முன்பு கல்விக்கும் வாக்குக்கும் இருந்த உறவு நேர்கோடாக இல்லை. ஓர் ஊஞ்சல் கயிறு போல, இரு முனைகளிலும் உயர்ந்து நடுவில் தாழ்ந்திருந்தது. மிகக் குறைவாகப் படித்தவர்களும் முதுகலைக்கு மேல் படித்தவர்களும் ஜனநாயகக் கட்சியின் பக்கம் சாய்ந்தார்கள். நடுவில் இருந்தவர்கள் அந்த அளவுக்குச் சாயவில்லை. எனவே மாதிரியில் அதிகம் படித்தவர்கள் மிகுந்து, குறைவாகப் படித்தவர்கள் குறைந்தாலும், ஜனநாயகக் கட்சிக்கு ஒரு முனையில் கூடியது மறுமுனையில் கழிந்துவிட்டது. 2016-இல் அந்தக் கயிறு நிமிர்ந்துவிட்டது. படிப்பு கூடக் கூடக் கிளிண்டன் ஆதரவு கூடியது, குறையக் குறைய டிரம்ப் ஆதரவு கூடியது. பழைய கோணல் மாதிரி புதிய உறவோடு சேர்ந்ததும் பிழை வெளியே வந்தது. விஸ்கான்சின், மிச்சிகன் போன்ற மாநிலங்களிலும் பல கணிப்பாளர்கள் இதே குழியில்தான் விழுந்தார்கள்.

நம் சிறிய கணக்கிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். இரு பிரிவினரும் 'அ'வை 50 சதவீதம் ஆதரித்தால், 600-க்கு 400 என்ற மாதிரி எவ்வளவு கோணலாக இருந்தாலும் விடை 50-தான். எடை போட்டாலும் 50, போடாவிட்டாலும் 50. ஆக, ஒரு பண்பு இரண்டு வேலையையும் ஒருசேரச் செய்தால்தான் அதற்கு எடை போடுவதால் பலன் உண்டு. யார் பேசுவார், யார் பேசமாட்டார் என்பதோடு அதற்குத் தொடர்பு இருக்க வேண்டும். கேட்ட கேள்விக்கான பதிலோடும் தொடர்பு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் போதாது. அந்தத் தொடர்பு கேள்விக்குக் கேள்வி மாறும், ஆண்டுக்கு ஆண்டு மாறும். சென்ற முறை சரியாக வந்த எடைச் சூத்திரம் இந்த முறையும் சரியாக வரும் என்று நம்புவதற்கு ஆதாரம் இல்லை. நியூ ஹாம்ப்ஷயர் நமக்குச் சொல்வதில் எனக்கு முதன்மையாகப் படுவது இதுதான்.

நடைமுறையில் ஒரே ஒரு பண்புக்கு எடை போட்டு யாரும் நிறுத்துவதில்லை. வயது, பாலினம், பகுதி, கல்வி, இனம் எல்லாம் சேர வேண்டும். தென்பகுதியில் வசிக்கும், பட்டம் பெறாத, முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண் என்று எல்லாவற்றையும் குறுக்கே வெட்டிச் சிறு பெட்டிகளாக்கினால், பல பெட்டிகளில் ஓர் ஆள்கூட இருக்க மாட்டார். இல்லாதவருக்கு எடை போட முடியாது.

இதற்குக் கணிப்பாளர்கள் பெரும்பாலும் கையாளும் வழிக்கு 'ரேக்கிங்' என்று பெயர். தோட்டத்தில் வாரியால் மண்ணைச் சமன்செய்வது போன்றது என்பதால் அந்தப் பெயர். முதலில் பாலின விகிதத்தைச் சரிசெய்கிறார்கள். பிறகு அந்த எடைகளை வைத்துக்கொண்டே வயதைச் சரிசெய்கிறார்கள். அப்போது பாலினம் கொஞ்சம் குலைந்துவிடும். பரவாயில்லை என்று அடுத்து கல்வி, அடுத்து பகுதி. மறுபடி பாலினத்துக்குத் திரும்புகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் குலைவு குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் எல்லா விகிதங்களும் ஒரே நேரத்தில் பொருந்தி நிற்கும். எட்வர்ட்ஸ் டெமிங், ஃபிரெட்ரிக் ஸ்டீபன் என்ற இருவர் 1940-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக எழுதிய வழிமுறை இது. கையால் செய்தால் நாள் கணக்கில் ஆகும். கணினிக்கு நொடி வேலை.

எந்த அளவுக்குப் பொருத்துவது என்பதற்கு வெளியிலிருந்து ஓர் உரைகல் வேண்டும். அமெரிக்காவில் அரசு நடத்தும் பெரிய சமூகக் கணக்கெடுப்புகளிலிருந்து அந்த விகிதங்களை எடுக்கிறார்கள். இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. அரசின் புள்ளிவிவரம் பெரும்பாலும் வயது வந்த எல்லாரையும் பற்றியது. தேர்தல் கணிப்புக்குத் தேவை வாக்களிக்கப் போகிறவர்கள். அவர்களில் பட்டதாரிகள் எத்தனை சதவீதம் என்பது தேர்தல் முடியும்வரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அதற்கும் ஓர் ஊகம் வேண்டும், ஊகம் ஆளுக்கு ஆள் வேறுபடும். 2016 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஃபுளோரிடாவில் 867 பேரிடம் எடுத்த கணிப்பின் மூலத் தரவை நான்கு தேர்ந்த கணிப்பாளர்களிடம் கொடுத்து, நீங்கள் உங்கள் வழியில் கணக்கிடுங்கள் என்றது. நாளிதழின் கணக்கையும் சேர்த்து ஐந்து விடைகள் வந்தன. ஒரு கோடியில் கிளிண்டன் 4 புள்ளி முன்னிலை, மறுகோடியில் டிரம்ப் 1 புள்ளி முன்னிலை. எல்லாருக்கும் ஒரே 867 பேர்தான். இடையில் உள்ள 5 புள்ளிகளும் எடை போட்டவர்களின் முடிவுகளிலிருந்து வந்தவை. நாளிதழில் அச்சாகும் பிழை வரம்பில் இந்த வேறுபாடு சேர்வதே இல்லை.

எடைக்கு ஒரு விலையும் உண்டு. நம் கணக்கின் 1,000 பேருக்கே திரும்புவோம். எல்லாருடைய எடையும் சமமாக இருந்தால் 1,000 பேரின் தகவல் 1,000 பேரின் தகவல்தான். சிலர் ஒன்றரை ஆளாகவும் சிலர் முக்கால் ஆளுக்கும் குறைவாகவும் நிற்கும்போது, முடிவு சிலரை அதிகமாகச் சார்ந்துவிடுகிறது. அவர்களில் தற்செயலாக யார் வந்தார் என்பது விடையை ஆட்டுகிறது. இதை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. எல்லா எடைகளையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு எடையின் வர்க்கத்தையும் கூட்டி வந்த தொகையால் வகுக்க வேண்டும். நம் கணக்கில் எடைகளின் கூட்டுத்தொகை 1,000. வர்க்கங்களின் கூட்டுத்தொகை சுமார் 1,167. பத்து லட்சத்தை 1,167-ஆல் வகுத்தால் 857. அதாவது 1,000 பேரிடம் பேசினோம், ஆனால் 857 பேரிடம் பேசிய அளவுக்கே துல்லியம் மிஞ்சியது. பிழை வரம்பு 3.1 புள்ளியிலிருந்து ஏறக்குறைய 3.4 ஆகிறது. இந்த அளவு இழப்பு தாங்கக்கூடியது. கோணல் விடை துல்லியமாக வருவதைவிட நேர்விடை கொஞ்சம் ஆடி வருவது மேல் என்பதே என் எண்ணமும்.

எடைகள் கட்டுமீறிப் போகும்போது அப்படிச் சொல்ல முடியாது. அதே 2016-இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழும் சேர்ந்து சுமார் 3,000 பேர் கொண்ட ஒரு நிரந்தரக் குழுவிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக் கணிப்பு நடத்தின. அந்தக் குழுவில் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த 19 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் இருந்தார். டிரம்பை ஆதரித்தார். 18 முதல் 21 வயதுவரையிலான ஆண்கள் என்று மிகக் குறுகிய பிரிவை வைத்துக்கொண்டு அதற்குப் பொருந்தும்படி எடை போட்டதில், குழுவில் அந்த வயதினர் மிகச் சிலரே இருந்ததால், அவருடைய எடை சராசரியைப் போல 30 மடங்காகப் போனது. மிகக் குறைந்த எடை கொண்டவரோடு ஒப்பிட்டால் 300 மடங்கு. அவர் பதில் சொன்ன வாரத்தில் தேசிய அளவில் டிரம்பின் நிலை ஒரு புள்ளி அளவுக்கு உயர்ந்தது. கறுப்பின வாக்காளர்களிடையே டிரம்புக்கு இருந்த ஆதரவு நம்பமுடியாத அளவுக்குக் கூடித் தெரிந்தது. அவர் பதில் சொல்லாத வாரங்களில் அது தணிந்தது. அந்த இளைஞர் செய்த தவறு எதுவும் இல்லை. அவர் தன் மனதில் இருந்ததைச் சொன்னார். ஒரு தனி மனிதரின் முதுகில் அவ்வளவு பேரின் குரலை ஏற்றியது கணக்கு.

இதைத் தடுக்க எடைகளுக்கு உச்சவரம்பு வைப்பார்கள். சராசரியைப் போல இத்தனை மடங்குக்கு மேல் யாருக்கும் எடை கிடையாது என்று வெட்டிவிடுவார்கள். வெட்டினால் ஆட்டம் குறையும், ஆனால் கோணல் கொஞ்சம் திரும்பி வரும். எங்கே வெட்டுவது என்பதற்கு ஒரே சரியான எண் கிடையாது. அந்தக் கணிப்பாளர் எதற்கு அதிகம் அஞ்சுகிறார் என்பதைப் பொறுத்தது அது.

இதுவரை பார்த்த சிக்கல்களுக்கெல்லாம் ஏதோ ஒரு பரிகாரம் உண்டு. இனிச் சொல்லப்போவதற்குக் கணக்கில் பரிகாரம் இல்லை.

பட்டம் இல்லாமல் நம்மிடம் பேசியவரும், பட்டம் இல்லாமல் பேச மறுத்தவரும் ஒரே மாதிரி வாக்களிப்பார்கள் என்று நாம் எடுத்துக்கொண்டோம். அது பொய்யாக இருந்தால்? பேச மறுக்கும் அதே மனநிலைதான் வாக்கையும் தீர்மானிக்கிறது என்றால்? அப்போது வந்தவருக்கு எவ்வளவு எடை கூட்டினாலும், வராதவரின் கருத்து உள்ளே வராது. வந்தவரின் கருத்துதான் பெருகும்.

இது வெறும் தத்துவச் சந்தேகம் அல்ல என்று பியூ மையம் 2012-இல் காட்டியது. 9 சதவீதம் பேர் மட்டுமே பதிலளித்த தன் தொலைபேசிக் கணிப்பை எடைபோட்டு முடித்தபின், அதே கேள்விகளைக் கேட்ட அரசுக் கணக்கெடுப்போடு வைத்துப் பார்த்தார்கள். அரசின் கணக்கெடுப்பில் பதில் விகிதம் மிக அதிகம், அதனால் அது நல்ல உரைகல். குடும்ப நிலை, வீடு போன்ற பல விஷயங்களில் இரண்டும் நெருக்கமாகவே இருந்தன. ஆனால் கடந்த ஓராண்டில் ஏதாவது தன்னார்வத் தொண்டு செய்தீர்களா என்ற கேள்வியில், பியூவின் கணிப்பில் 55 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். அரசின் கணக்கெடுப்பில் 27 சதவீதம். இரு மடங்கு. யோசித்தால் காரணம் கண்முன்னே நிற்கிறது. முன்பின் தெரியாத ஒருவருக்காகத் தன் பத்து நிமிடத்தைக் கொடுப்பவர்தான் ஊர் நூலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நேரம் கொடுப்பவர். கணிப்புக்குப் பேசுவதே ஒரு தொண்டு. வயது, கல்வி, பாலினம் எல்லாம் அச்சாகப் பொருந்தியும் இந்தப் பண்பு எந்த எடையிலும் பிடிபடவில்லை.

2020 தேர்தலில் இதே நிழல் மறுபடி விழுந்தது. 2016-இன் பாடத்தைக் கற்றுப் பெரும்பாலான கணிப்பாளர்கள் கல்விக்கு எடை போட்டிருந்தார்கள். ஆனாலும் தேசிய அளவில் கணிப்புகளின் பிழை நாற்பது ஆண்டுகளில் இல்லாத அளவுக்குப் பெரிதாக இருந்தது. இம்முறையும் டிரம்பின் வாக்கு குறைத்தே காட்டப்பட்டது. அந்த ஆண்டைப் பற்றி 2021-இல் வந்த ஆய்வறிக்கை, கல்வி எடை விடுபட்டது காரணம் அல்ல என்று தெளிவாகச் சொன்னது. குடியரசுக் கட்சியினரிலேயே கணிப்புக்குப் பேசியவர்கள் வேறு, பேசாதவர்கள் வேறாக இருந்திருக்கலாம் என்பதைச் சாத்தியமான காரணமாக முன்வைத்தது. ஆனால் பேசாதவர்களின் பதில் கையில் இல்லாமல் அதை நிறுவ முடியாது என்பதையும் ஒப்புக்கொண்டது. அறிக்கையில் எனக்கு மதிப்பு கூட்டிய இடம் அந்த ஒப்புதல்தான்.

அப்படியானால் எடையிட்ட முடிவை நம்பலாமா கூடாதா என்று எப்படிக் கண்டுகொள்வது? விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு கேள்வியைக் கணிப்பில் சேர்ப்பது ஒரு வழி. அதற்கு எடை போடாமல் வைத்திருந்து, கடைசியில் உண்மையான விடையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அது பொருந்தாவிட்டால், விடை தெரியாத கேள்விகளிலும் ஏதோ கோளாறு இருக்கிறது என்று பொருள்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1936-இல் லிட்டரரி டைஜஸ்ட் என்ற அமெரிக்க வார இதழ் சுமார் 1 கோடி பேருக்கு அஞ்சலில் மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அவற்றை எண்ணி, ரூஸ்வெல்ட்டை ஆல்ஃப் லேண்டன் வெல்வார் என்று சொன்னது. ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத வாக்குகளோடு வென்றார். லேண்டனுக்குக் கிடைத்தவை மெயின், வெர்மான்ட் என்ற இரண்டே மாநிலங்கள். தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியலிலிருந்து முகவரி எடுத்ததால் வந்த வினை என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். அது பாதிக் கதை. சீட்டு கிடைத்தவர்களில் திருப்பி அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் வேறு வேறு மனப்போக்கு உடையவர்களாக இருந்தது மீதிப் பாதி.

அந்தச் சீட்டில் இன்னொரு கேள்வியும் இருந்தது. 1932-இல் யாருக்கு வாக்களித்தீர்கள்? அதன் உண்மையான விடை நாட்டுக்கே தெரியும். ரூஸ்வெல்ட் 57 சதவீதம் பெற்றிருந்தார். சீட்டைத் திருப்பி அனுப்பியவர்களில் அவருக்கு வாக்களித்தவர்கள் அந்த அளவுக்கு இல்லை. கோளாறு இதழின் மேசையிலேயே இருந்தது. 2017-இல் ஷாரன் லோர், மைக்கேல் பிரிக் என்ற இரு புள்ளியியலாளர்கள் அந்தப் பழைய எண்களை எடுத்து, 1932 வாக்கை வைத்து எடை போட்டுப் பார்த்தார்கள். ரூஸ்வெல்ட்டே வெல்வார் என்று வந்தது. பட்டியலையோ சீட்டுகளையோ அவர்கள் தொடவில்லை.

இன்று பல கணிப்பாளர்கள் முந்தைய தேர்தல் வாக்கையும் எடையில் சேர்த்துக்கொள்கிறார்கள். அதிலும் ஒரு கவனம் வேண்டும். சென்ற தேர்தலில் யாருக்கு வாக்களித்தோம் என்பதை மக்கள் எப்போதும் சரியாகச் சொல்வதில்லை. தோற்றவருக்குப் போட்டதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள், போடாத சிலர் வென்றவருக்குப் போட்டதாக நினைவுகொள்கிறார்கள். தப்பான நினைவுக்கு எடை போட்டால் அந்தத் தப்பு முடிவிலும் ஏறிக்கொள்ளும்.

ஆகவே ஒரு கணிப்பறிக்கை கையில் வந்தால், முதல் பக்கத்துச் சதவீதங்களைத் தள்ளிவைத்துவிட்டு நான் தேடுவது பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளை. 'ஆய்வு முறை' என்று தலைப்பிட்ட ஒன்றிரண்டு பத்திகள் அங்கே இருக்கும். எத்தனை பேரை அழைத்தார்கள், எத்தனை பேர் பேசினார்கள் என்று இருக்கிறதா? எந்தெந்தப் பண்புகளுக்கு எடை போட்டார்கள், அந்த விகிதங்கள் எங்கிருந்து வந்தன? மிக அதிகமான எடை எவ்வளவு, அதற்கு வரம்பு வைத்தார்களா? பிழை வரம்பு எடையால் வரும் இழப்பையும் சேர்த்ததா, அல்லது தலைகளை மட்டும் எண்ணிப் போட்டதா? 'மக்கள்தொகைக்கு ஏற்ப எடையிடப்பட்டது' என்ற ஒரே வரியோடு பத்தி முடிந்துவிட்டால், நியூ ஹாம்ப்ஷயரின் 11 புள்ளியும் அந்த வரிக்குள் அடங்கும், சமநிலையும் அந்த வரிக்குள் அடங்கும். இரண்டில் எது கையில் இருக்கிறது என்று படிப்பவருக்குத் தெரிய வழியில்லை.

நியூ ஹாம்ப்ஷயர் மையம் இப்போதும் கணிப்பு நடத்துகிறது. அதன் அறிக்கைகளின் கடைசிப் பத்தியில் எடை போட்ட பண்புகளின் வரிசை இருக்கும். பாலினம், வயது, பகுதி ஆகியவற்றோடு கல்வியும் அந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது.